சாயத்துக்குள் ஒரு பெட்டி

  எந்தப் பல்கலைக்கழகமானாலும் குவாண்டம் இயக்கவியல் படிக்கும் மாணவர் முதலில் போடும் கணக்குகளில் ஒன்று ‘பெட்டிக்குள் துகள்’. தேர்வு முடிந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒரு சாயம் ஏன் மஞ்சளாகவும் இன்னொன்று ஏன் நீலமாகவும் இருக்கிறது என்பதை அந்தக் கணக்கே பெரும்பாலும் சொல்லிவிடும். அதனால் அதை மறக்கக் கூடாது என்பேன்.

L நீளமுள்ள ஒரு கோட்டில் எலக்ட்ரான் ஓடுகிறது என்று வையுங்கள். இரு முனையிலும் தாண்டவே முடியாத சுவர். உள்ளே எந்த விசையும் இல்லை. அப்போது ஷ்ரோடிங்கரின் சமன்பாடு கேட்பது இதுதான்: எந்த அலைச்சார்பை இருமுறை வகையிட்டால், வேறு உருவம் எடுக்காமல், ஓர் எண்ணால் பெருக்கிய அதே சார்பாகத் திரும்பி வரும்? அந்தச் சார்பு ஐகன் சார்பு. அந்த எண்ணிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஐகன் மதிப்பு.

சைனும் கொசைனும் அப்படித்தான் திரும்பி வரும். ஆனால் சமன்பாட்டுக்கு மட்டும் விட்டால் எந்த ஆற்றலும் சரி என்றே அது சொல்லும். தேர்வு செய்வது சுவர். இடது முனையில் அலை பூச்சியமாக வேண்டும் என்றதும் கொசைன் விலகிவிடுகிறது. வலது முனையிலும் பூச்சியமாக வேண்டும் என்றதும், பெட்டிக்குள் அரை அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்கியாக வேண்டும். அதனால்

E = n²h² / 8mL²

என்ற ஆற்றல்கள் மட்டுமே மிஞ்சும். n என்பது 1, 2, 3… n பூச்சியமானால் அலையே இல்லை, எலக்ட்ரானும் இல்லை. ஆகவே மிகக் கீழ் மட்டத்திலும் ஆற்றல் பூச்சியமாகாது. L கூடினால் மட்டங்கள் நெருங்கிவரும் என்பதையும் இதே வாய்பாடு காட்டுகிறது.

இனி சாயத்துக்கு வருவோம். சயனின் சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே ஒரு கார்பன் சங்கிலி இருக்கும். அதன் நெடுகிலும் சில எலக்ட்ரான்கள் தடையின்றி உலாவும். தயாகார்போசயனின் என்ற சாயத்தில் அப்படி 8 எலக்ட்ரான்கள். ஒரு மட்டத்தில் இரண்டு பேர் என்பதால் நான்கு மட்டங்கள் நிரம்பிவிடும். ஒளியை உறிஞ்சும்போது ஓர் எலக்ட்ரான் 4-இலிருந்து 5-க்குத் தாவும். 25-இல் 16 போக 9.

பெட்டியின் நீளம் என்ன? நைட்ரஜனிலிருந்து நைட்ரஜன் வரை 6 பிணைப்புகள். எலக்ட்ரான் அதையும் தாண்டிச் சற்றுப் படர்வதால், இருபுறமும் ஒன்றரைப் பிணைப்பு சேர்த்து 9 ஆக்குகிறோம். ஒரு பிணைப்பு 0.139 நானோமீட்டர், மொத்தம் 1.25. வாய்பாட்டில் இட்டால் இடைவெளி சுமார் 2.16 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 573 நானோமீட்டர் ஒளி. மெத்தனாலில் கரைத்து நிறமாலைமானியில் வைத்தால் உச்சம் 557-ஐ ஒட்டி நிற்கிறது. அந்தப் பச்சை ஒளி போய்விடுவதால் கரைசல் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

அந்த ஒன்றரையைக் கோட்பாடு தரவில்லை. நாம்தான் பொருத்தமாகத் தேர்ந்தோம். உண்மையான சோதனை, அதை மாற்றாமலே சங்கிலியை இரண்டு கார்பன் குறைத்தும் கூட்டியும் பார்ப்பது. கணக்கு 446, 701 என்கிறது. அளவீடு ஏறக்குறைய 423, 652. குறுகியது மஞ்சள், நீண்டது நீலம். நீண்ட பெட்டியில் பிழை கூடுகிறது. ஆனாலும் படிக்குப் படி நூறு நானோமீட்டரை ஒட்டி நகரும் போக்கு தப்பவில்லை.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரைசல் அடர்த்தியாக இருந்தால், அதுவும் நீரில், மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உச்சத்தின் குறுகிய அலைநீளப் பக்கத்தில் இன்னொரு மேடு எழும். நீர்க்கச் செய்தால் அந்த மேடு, உச்சத்தோடு ஒப்பிடுகையில், தணிந்துவிடும். தணிந்தால் அது பெட்டியின் குணமல்ல, கூட்டத்தின் குணம்.

இதே கணக்கைக் கேரட்டின் பீட்டா கரோட்டினுக்குப் போட்டால் கவிழ்ந்துவிடும்.  22 எலக்ட்ரான்கள், 21 பிணைப்புகள். 11-இலிருந்து 12-க்குத் தாவ சுமார் 0.8 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்கிறது வாய்பாடு. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அப்படியிருந்தால் கேரட்டுக்கு நிறமே இருக்காது. உண்மையில் அது 450 நானோமீட்டர் அருகே நீல ஒளியை விழுங்குகிறது.

காரணம், பெட்டியின் தரை சமமில்லை. சயனினில் பிணைப்புகள் கிட்டத்தட்ட ஒரே நீளம். கரோட்டினில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருவதால் நிலையாற்றல் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது. சங்கிலியை எவ்வளவு நீட்டினாலும் ஓர் இடைவெளி மிஞ்சிவிடும். வேதியியலாளர் ஹான்ஸ் கூன் 1940-களின் இறுதியில் சயனின்களுக்குத் தட்டையான தரையையும், இத்தகைய சங்கிலிகளுக்கு அலைபோல் ஏறி இறங்கும் தரையையும் வைத்துக் கணக்கிட்டார். இரண்டிலும் சுவரின் நிபந்தனை ஒன்றேதான்.