ஆரஞ்சுச் சாறும் அடுத்த மாதப் பனியும்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உறைபனி விழுந்தால் ஆரஞ்சுச் சாறின் விலை ஏறும். எவ்வளவு ஏறும் என்பதற்கு ஸ்டாக், வாட்சன் என்ற பொருளியலாளர்களின் பாடநூலில் ஒரு கணக்கு உண்டு. ஆர்லாண்டோ பகுதியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிய டிகிரிகளை நாள்வாரியாகக் கூட்டி, 1950 முதல் 2000 வரை 612 மாதங்களின் விலை மாற்றத்தோடு ரிக்ரஷனில் பொருத்தினார்கள். ஒரு டிகிரி கூடினால் அந்த மாதமே விலை சுமார் 0.47 சதவீதம் ஏறுகிறது.

இப்படிப்பட்ட மாதாந்திரக் கணக்குகளில், கோட்டுக்குள் அடங்காத மிச்சம், அதாவது பிழை, போன மாதத்தின் சாயலோடு வருவதுண்டு. இதற்குத் தன்னொட்டுறவு என்று பெயர். அப்போது மென்பொருள் வழக்கமாகத் தரும் திட்டப்பிழையை நம்ப முடியாது. பெரும்பாலும் அது உள்ளதைவிடச் சிறிதாக வந்து, முடிவு உறுதியானது என்ற எண்ணத்தைத் தந்துவிடும்.

காக்ரேனும் ஆர்கட்டும் 1949இல் ஒரு வழி சொன்னார்கள். பிழையில் எத்தனை பங்கு அடுத்த மாதத்துக்குத் தொடர்கிறது என்று மிச்சங்களிலிருந்து கணித்துக்கொள்ள வேண்டும். அது பாதி என்றால், இந்த மாத விலை மாற்றத்திலிருந்து போன மாத மாற்றத்தில் பாதியைக் கழிக்க வேண்டும். பனிக் கணக்கிலும் அப்படியே. தொடர்ச்சி கழிந்துபோகும், மீதியை வழக்கம்போலப் பொருத்தலாம். அனுமானங்கள் சரியாக இருந்தால் இதைவிடத் துல்லியமான மதிப்பீடு கிடைப்பது அரிது.

ஆனால் சந்தை வானிலை முன்னறிவிப்பைப் படிக்கிறது. அடுத்த மாதம் குளிர் கடுமையாகும் என்று தெரிந்தால் விலை இந்த மாதமே ஏறும். அந்த ஏற்றம் இந்த மாதப் பிழைக்குள் போய் உட்காரும். சாதாரண ரிக்ரஷனுக்கு இதனால் பாதிப்பில்லை, இந்த மாதப் பனிக்கும் இந்த மாதப் பிழைக்கும் தொடர்பில்லாதவரை. கழித்தல் முறையோ போன மாதப் பிழையையும் இந்த மாதப் பனியையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்துவிடுகிறது. அவை தொடர்புள்ளவை.

ஒரு கற்பனைக் கணக்கு: உண்மையான விளைவு 0.50. மாதத்துக்கு மாதம் பனிக்குள் தொடர்பில்லை. வரப்போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் முன் மாதமே விலை 0.20 ஏறுகிறது. பாதியைக் கழித்தால், எவ்வளவு தரவு சேர்த்தாலும் விடை 0.42இல் போய் நிற்கும். சாதாரண ரிக்ரஷன் 0.50ஐயே தரும்.

அதனால் இங்கே மதிப்பீட்டைத் தொடாமல், திட்டப்பிழையை மட்டும் தன்னொட்டுறவுக்கு ஏற்பத் திருத்தும் நியூவி–வெஸ்ட் முறைதான் (1987) என் தேர்வு. 612 மாதங்களுக்கு ஏழு மாதத் தொடர்ச்சி வரை கணக்கில் எடுப்பது பாடநூல் வழக்கம். தரவு மிகக் குறைவாக இருந்தால் இதுவும் திட்டப்பிழையைக் குறைத்தே காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

எதை நம்புவது என்று சோதிக்க, அடுத்த மாதப் பனியையும் ரிக்ரஷனில் சேர்த்துப் பாருங்கள். அதன் கெழு பூஜ்யத்திலிருந்து தெளிவாக விலகியிருந்தால் கழித்தல் முறையைக் கைவிட வேண்டியதுதான்.