வெட்டிய கிழங்கின் படம் எதைச் சொல்லும்?

பொங்கல் நெருங்கி, நெய்வேலியின் காய்கறிக் கடைகளில் கிழங்குகள் குவியத் தொடங்கியதும், சிறுநீரகச் செயல்திறன் குறைந்த நோயாளிகளின் குடும்பத்தார் எங்களுக்கு அனுப்பும் கைப்பேசிப் படங்களும் பெருகுகின்றன. "இது என்ன கிழங்கு? அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்பதே பெரும்பாலும் கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன், நாங்கள் கிழங்கின் பெயரை உறுதி செய்தாக வேண்டும். ஏனெனில் பெயர் மாறினால் பொட்டாசியத்தின் அளவும் மாறுகிறது. 100 கிராம் பச்சைக் கிழங்கில் சர்க்கரைவள்ளியாயின் ஏறத்தாழ 340 மில்லிகிராமும், சேப்பங்கிழங்காயின் 590 மில்லிகிராமும், பெருவள்ளிக்கிழங்காயின் 820 மில்லிகிராமும் பொட்டாசியம் உண்டு. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அந்த மிகுதியை எளிதில் வெளியேற்ற இயலாது.

பெயரை மட்டும் நம்ப இயலாமைக்குக் காரணம் உண்டு. சர்க்கரைவள்ளி, பெருவள்ளி, சிறுவள்ளி, மரவள்ளி ஆகிய நான்கிலும் 'வள்ளி' என்னும் சொல் இருக்கிறது. ஆயினும் அவை மூன்று வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. கடைக்காரர் 'வள்ளிக்கிழங்கு' என்று மட்டும் சொன்னால் எதுவென்று தெரியாது. ஆங்கில உணவுப் பட்டியலில் 'யாம்' என்று இருந்தாலும் குழப்பம் தீராது. தாவரவியலில் அது வள்ளிக் குடும்பத்தைக் குறிக்கும். நம் நாட்டில் சேனைக்கிழங்கையும் அச்சொல்லால் அழைக்கின்றனர். அமெரிக்கக் கடைகளிலோ செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளிக்கே அப்பெயர் வைத்து விற்கின்றனர். ஆகவே பெயரைவிடத் தோலும் வெட்டுமுகமுமே நம்பத்தக்க சான்றுகள்.

படம் எடுக்கும் முறை

வெட்டிய ஒரு துண்டின் படம் மட்டும் போதாது. முதலில் முழுக் கிழங்கை, கழுவுவதற்கு முன், அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அடுத்து அதன் இரு முனைகளையும் தோலையும் நெருக்கமாக எடுங்கள். பின்னர் குறுக்கே வெட்டி, வெட்டிய உடனே ஒரு படமும் பத்து நிமிடம் கழித்து ஒரு படமும் எடுங்கள். பகல் வெளிச்சம் வேண்டும். மஞ்சள் விளக்கொளியில் வெண்ணிறச் சதையும் செம்மஞ்சளாகத் தோன்றும். நிறத்தை மெருகேற்றும் வசதி கைப்பேசியில் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றின் அடையாளங்கள்

சர்க்கரைவள்ளி என்பது பருத்த வேர். நடுவில் பருத்து இரு முனைகளிலும் கூர்மையாக ஒடுங்கும். தோல் மெல்லியது, பெரும்பாலும் வழவழப்பானது. சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்பழுப்பு என நிறம் மாறும். அதில் வளையங்கள் இரா. ஆழமற்ற குழிகளிலிருந்து மெல்லிய வேர்கள் கிளம்பும். வெட்டியதும் தோலை ஒட்டிய விளிம்பில் வெண்பால் துளித்துளியாகக் கசியும். இதுவே இதன் சிறந்த அடையாளம். நெடுநாள் வைத்திருந்த கிழங்கில் பால் குறைந்திருக்கலாம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

சேப்பங்கிழங்கு வேரன்று, தண்டு. ஆகையால் இலைகள் இருந்த தழும்புகள் அதன் மேல் குறுக்கு வளையங்களாக நிற்கும். பழுப்புநிற நார்மயிர் போர்த்தியிருக்கும். ஒரு முனையில் குருத்து மொட்டும், மறுமுனையில் தாய்க்கிழங்கிலிருந்து ஒடித்த தழும்பும் காணப்படும். சதை வெண்மையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். சில வகைகளில் ஊதாநிறப் புள்ளிகளும் இழைகளும் சிதறியிருக்கும். நன்கு கழுவித் தேய்த்து விற்கும் கிழங்கில் நார் போய்விட்டாலும் வளையங்களின் சுவடு எஞ்சும்.

பெருவள்ளியின் தோல் மரப்பட்டை போன்றது. தடித்தது, கரும்பழுப்பு நிறமுடையது, வெடிப்புகளும் சிறு வேர்களும் நிறைந்தது. வளையங்கள் இரா. உருவம் ஒழுங்கற்றது, சில கிழங்குகள் விரல்கள்போலக் கிளைத்திருக்கும். சதை வெண்மையாகவோ ஊதாவாகவோ இருக்கும். வெட்டுமுகத்தில் பால் கசியாது. பிசுபிசுப்பான வழுவழுப்பே தெரியும். இதன் உறவான சிறுவள்ளி கைக்கடக்கமாகவும் மெல்லிய தோலுடனும் இருப்பதால், படத்தில் சேப்பங்கிழங்காகவோ சர்க்கரைவள்ளியாகவோ தோன்றக்கூடும். அங்கே வளையங்கள் உண்டா, பால் உண்டா என்னும் இரு கேள்விகளே வழிகாட்டும்.

ஓர் ஊதாநிறத் துண்டு

அண்மையில் ஒரு நோயாளியின் மகள் ஊதாநிறத் துண்டு ஒன்றின் படத்தை அனுப்பினார். அவருடைய தந்தைக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த பட்டியலில், வேகவைத்து நீர் வடித்த சர்க்கரைவள்ளி சிறிதளவு உண்டு. கடையில் 'வள்ளி' என்று சொல்லி விற்றதால் இதுவும் அதுவே என அவர் கருதினார். நிறம் மட்டும் விடை தரவில்லை. ஊதாச் சதையுள்ள சர்க்கரைவள்ளி வகைகளும் உள்ளன. மீதிப் படங்களையும் கேட்டுப் பெற்றோம்.

ஊதா புள்ளிகளாகச் சிதறாமல் சதையில் பரவியிருந்தது. தோலில் வளையங்களும் இல்லை. ஆகவே சேப்பங்கிழங்கு விலகியது. புதிய வெட்டுமுகத்தின் விளிம்பில் வெண்பால் இல்லை. ஆனால் பழைய கிழங்காக இருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. தோலின் படம் முடிவைத் தந்தது: வெடித்த பட்டைபோன்ற கரும்பழுப்புத் தோல், கிளைத்த முனை, நாணயத்தைப் பலமடங்கு விஞ்சிய பருமன். அது பெருவள்ளி. பட்டியலில் இருந்த அதே அளவை உண்டிருந்தால் பொட்டாசியம் இரு மடங்குக்கு மேல் சென்றிருக்கும். அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்து, அந்தக் கிழங்கைத் தவிர்க்கச் சொன்னோம்.

தோலைச் சீவி, மெல்லிய துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீங்கும்; முழுவதும் நீங்காது. சுடுவதாலும் வறுப்பதாலும் இப்பயன் கிட்டாது.

படம் காட்டாதவை

தோல்சீவி நறுக்கி விற்கும் துண்டுகளைப் படத்தைக் கொண்டு உறுதியாக அடையாளம் காண எங்களாலும் இயலாது. பச்சையாகக் கடித்துப் பார்த்துக் கண்டறியவும் முயலாதீர்கள். சேப்பங்கிழங்கிலும் சேனையிலும் உள்ள ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாவிலும் தொண்டையிலும் குத்தி, அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும்.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கே கண்வலிக்கிழங்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் பகுதிகளில் மருந்துக்காகப் பயிராகும் இதன் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என எண்ணி உண்டு நஞ்சேறிய நிகழ்வுகள் இலங்கையில் பதிவாகியுள்ளன. வெட்டிய துண்டின் வெண்சதை ஐயத்தை எழுப்பாது. முழு உருவமே காட்டிக்கொடுக்கும். அது கலப்பைபோல இரு கைகளாக வளைந்து, முனைகள் கூர்ந்து நிற்கும். அதிலுள்ள கோல்சிசின் என்னும் நஞ்சு சில மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியையும் கடும் வயிற்றுப்போக்கையும் தொடங்கி, அடுத்த நாட்களில் எலும்பு மச்சையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

எனவே, தோட்டத்திலோ வேலியோரத்திலோ தோண்டி எடுத்த, பெயர் அறியாத கிழங்கைப் படத்தை நம்பி உண்ண வேண்டாம். உண்டபின் வாந்தி தொடங்கினால், படம் அனுப்பி விடைக்குக் காத்திராமல், மீதமுள்ள கிழங்கைத் தோலோடு எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.