கீறல் போகும்போது கூடவே போவது எது?

கடையில் வாங்கிய அன்று எவர்சில்வர் டம்ளரில் முகம் பார்க்கலாம். ஆறு மாதம் நாரும் தூளும் போட்டுத் தேய்த்தபின் அதே டம்ளரில் முகம் மங்கலாகத்தான் தெரியும். டம்ளர் அழுக்காக இல்லை. அதன் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கோடுகள் விழுந்துவிட்டன, அவ்வளவுதான். கையில் கட்டும் எஃகு வாட்சுக்கும் இதே கதைதான். மேசை விளிம்பு, லேப்டாப், சட்டைப்பையில் கிடக்கும் சாவி என்று பட்டதெல்லாம் கோடு போடும். எதிலும் படாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் காற்றில் வரும் தூசி போதும். அதிலுள்ள மணல் துகள் எஃகைவிடக் கடினமானது.

என் அக்கா மகன் மூன்று வருடமாகத் தினமும் கட்டும் வாட்சைப் போன மாதம் கொண்டுவந்து, “மாமா, இதைப் புதுசு மாதிரி ஆக்க முடியுமா?” என்று கேட்டான். முடியும், ஆனால் முழுக்க வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைப் புரிந்துகொண்டால், வீட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

கீறல் என்பது எஃகின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு பொருள் இல்லை. அது ஒரு பள்ளம். பள்ளத்தைத் துடைத்து எடுக்க முடியாது. அதைச் சுற்றியுள்ள உலோகத்தைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்துக் குறைத்தால்தான் அது மறையும். ஆகவே கீறல் போகும் ஒவ்வொரு முறையும் வாட்சின் உடம்பில் கொஞ்சம் போகிறது. மெல்லிய கோடு என்றால் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த அளவு போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆழமான வெட்டு என்றால் கதை வேறு.

இரண்டையும் பிரித்தறிய நகம் போதும். கீறலுக்குக் குறுக்காக நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் வீட்டிலேயே சரிசெய்யலாம். நகம் தட்டி நின்றால் அதில் கை வைக்க வேண்டாம். அக்கா மகன் வாட்சில் பக்கச் சுவர்களில் இருந்தவை எல்லாம் முதல் ரகம். நான்கு மணிப் பக்கத்துக் கொம்பில், அதாவது பட்டை மாட்டும் நான்கு முனைகளில் ஒன்றில், இரும்பு கேட்டில் இடித்த வெட்டு ஒன்று இருந்தது. நகம் அதில் மாட்டியது. அதை விட்டுவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, அது உண்மையிலேயே எஃகுதானா என்பது. பழைய எச்எம்டி வாட்சுகள் பலவற்றின் முதுகில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருக்கும். முதுகு மூடி மட்டும்தான் எஃகு என்பது அதன் பொருள். மேல்பகுதி பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய பித்தளை. அதைத் தேய்த்தால் கீறலோடு முலாமும் போய், உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். கொம்பின் முனையில் ஏற்கெனவே மஞ்சள் எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், அது முலாம்தான். தங்க முலாம், கறுப்புப் பூச்சு, கடினமாக்கும் பூச்சு உள்ளவற்றுக்கும் இதே விதி: தேய்க்கக்கூடாது.

எஃகு என்று உறுதியானபின் ஒரு லென்ஸை வைத்து மேற்பரப்பைப் பாருங்கள். பெரும்பாலான வாட்சுகளில் இரண்டு வகை மேற்பரப்பு இருக்கும். ஒன்று கண்ணாடிபோலப் பளபளப்பது. மற்றது ஒரே திசையில் சீராக ஓடும் நுண்ணிய கோடுகளால் ஆனது. இதை பிரஷ் ஃபினிஷ் என்கிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தி முனைபோல ஒரு விளிம்பு இருக்கும். வாட்சின் அழகு அந்த விளிம்பில்தான் இருக்கிறது. தேய்ப்பவர்கள் முதலில் கெடுப்பதும் அதைத்தான். இந்த இரண்டு பரப்புக்கும் செய்முறை வேறு வேறு. ஒன்றுக்கானதை மற்றதில் செய்தால் கீறல் இருந்ததைவிட அசிங்கமாகிவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் பட்டையையோ செயினையோ கழற்றிவிட வேண்டும். பிறகு வாட்சைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், பாலிஷ் துணியே புதுக் கீறல் போடும். தண்ணீர் புகாது என்று உறுதியாகத் தெரிந்த வாட்சை, சாவித் திருகு முழுக்க உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு துளி சோப்பும் மென்மையான பல் பிரஷும் கொண்டு கழுவலாம். சந்தேகம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அதன் பிறகு கண்ணாடி, சாவி, தேய்க்கக்கூடாத பரப்பு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். டேப்பின் ஓரம் சரியாக அந்தக் கூர் விளிம்பின்மேல் வர வேண்டும். எங்கள் ஒரு மணி நேர வேலையில் பாதி நேரம் இந்த டேப் ஒட்டுவதிலேயே போனது. அது வீண் போகவில்லை.

முதலில் பளபளப்பான பக்கச் சுவர். பாலிஷ் ஊறிய பஞ்சுத் துணி, ‘கேப் காட்’ போன்ற பெயர்களில் கிடைக்கிறது. அதில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் லேசாகத் தேய்த்தோம். ஒரு நிமிடத்திலேயே துணி கறுத்தது. அந்தக் கறுப்பு, எஃகிலிருந்து வந்த துகள். அது வருகிறது என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்; வாட்ச் குறைகிறது என்றும் அர்த்தம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். மூன்றாவது முறை பார்த்தபோது கோடுகளில் பெரும்பாலானவை போயிருந்தன. கொஞ்சம் அழுத்தமான இரண்டு மட்டும் மங்கலாக நின்றன. இன்னும் தேய்க்கலாமா என்றான். வேண்டாம் என்று நிறுத்தினேன். அந்த இரண்டுக்காக மொத்தச் சுவரையும் இறக்க வேண்டியதில்லை.

அடுத்தது கொம்புகளின் மேல்பகுதி, பிரஷ் பரப்பு. இங்கே பாலிஷ் துணி படவே கூடாது. பட்டால் சீரான கோடுகளுக்கு நடுவே எண்ணெய்த் திட்டுபோல ஒரு பளபளப்பு வந்துவிடும். இதற்கு வேண்டியது தேய்ப்பு நார். சமையலறையில் இருக்கும் பச்சை நார் இதற்குக் கரடுமுரடு. ஹார்டுவேர் கடையிலும் கார் பெயின்ட் கடையிலும் கிடைக்கும் சாம்பல் நிற நார் மிக மென்மையானது, தொடங்க அதுவே சரி. மெல்லிய துண்டாக வெட்டி ஐஸ் குச்சியில் சுற்றிக்கொண்டால் தட்டையாக அழுத்தலாம். விரலால் அழுத்தினால் விளிம்பு உருண்டு போகும்.

இழுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய கோடுகள் ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். ஒரே திசையில் மட்டும்; முன்னும் பின்னுமாக அல்ல. பரப்புக்கு வெளியே டேப்பின்மேல் தொடங்கி, மறுபக்கம் டேப்பின்மேல் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் தடம் விழும். ஐந்தாறு இழுப்பு, பிறகு துடைத்துப் பார்ப்பது, தேவையானால் இன்னும் சில இழுப்பு. கை பழகும்வரை செயின் பூட்டின் உட்புறத்தில் செய்து பாருங்கள், அதை யாரும் பார்க்கப் போவதில்லை. வளையத்தில் வட்டமாகவோ, நடுவிலிருந்து கதிர்போல விரிந்தோ கோடுகள் ஓடினால் வீட்டில் தொட வேண்டாம். அவை இயந்திரத்தில் சுழற்றிப் போட்டவை, கைக்கு வராது.

டேப்பை உரித்தபோது கொம்பின் மேல்பகுதி ஒரே சீராக இருந்தது, விளிம்பு கூர்மையாகவே நின்றது. நான்கு மணிப் பக்கத்து வெட்டு அப்படியே இருக்கிறது. சுற்றியுள்ள சின்னக் கோடுகள் போனதால் அது இப்போது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

அந்த வெட்டை ஏன் விட்டோம் என்பதை என் பழைய வாட்ச் ஒன்று சொல்லும். பல வருடங்களுக்கு முன் அதை ஒரு கடையில் பாலிஷ் போடக் கொடுத்தேன். பளபளவென்றுதான் திரும்பி வந்தது. ஆனால் பிரஷ் கோடுகள் எல்லாம் போய் எங்கும் ஒரே பளபளப்பு. கொம்புகளின் விளிம்பு சப்பிய மிட்டாய்போல மழுங்கிவிட்டது. டியூப்லைட்டின் பிம்பத்தைப் பக்கச் சுவரில் பார்த்தால் நேர்கோடாகத் தெரிய வேண்டும். அதில் அலை அலையாக நெளிகிறது. சுழலும் துணிச் சக்கரத்தில் வைத்து அழுத்தினால் நடப்பது இதுதான். சக்கரம் மென்மையானது, ஓரத்தைத்தான் முதலில் தின்னும். வீட்டில் சிறிய சுழல் இயந்திரத்தை வாங்கிவைத்து முயற்சிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

நகம் மாட்டும் வெட்டு, பட்டைத் துளை ஓரத்துப் பள்ளம், மழுங்கிய விளிம்பு ஆகியவற்றைத் தேர்ந்த கைகள் வேறு விதமாகச் சரிசெய்கின்றன. தட்டையான வட்டத் தகட்டில் உறையைச் சரியான கோணத்தில் பிடித்து, பரப்பு நெளியாமல் இறக்கும் இயந்திரம் உண்டு. ஆழமான பள்ளத்தில் லேசர் வெல்டிங்கால் அதே எஃகை நிரப்பி, பிறகு மட்டமாக்கும் முறையும் உண்டு. இதில்தான் சுற்றியுள்ள உலோகத்தை அதிகம் இழக்காமல் பள்ளம் மறைகிறது. இரண்டுக்குமே உள்ளே இருக்கும் இயந்திரத்தையும் கண்ணாடியையும் ரப்பர் வளையங்களையும் கழற்றி, வெறும் உறையை மட்டும்தான் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷ் துகள் உள்ளே போகும்.

ஆகவே கடையில் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இயந்திரத்தைக் கழற்றிவிட்டுத்தான் பாலிஷ் போடுவீர்களா? பிரஷ் பரப்பு பிரஷாகவே திரும்பி வருமா? மூடும்போது ரப்பர் வளையம் மாற்றி, தண்ணீர் புகுகிறதா என்று சோதிப்பீர்களா? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் கொடுக்கலாம். “அரை மணி நேரத்தில் புதுசாக்கித் தருகிறேன்” என்பவரிடமிருந்து வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

தாத்தா விட்டுப்போன பழைய எஃகு வாட்ச் என்றால் அதையும்கூடக் கேட்க வேண்டாம். சேகரிப்பவர்கள் பாலிஷ் படாத உறைக்குத்தான் மதிப்புக் கொடுக்கிறார்கள். கீறல் இருந்தாலும் விளிம்பு அசலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. துடைத்து, கட்டிக்கொள்ளுங்கள்.

தினமும் கட்டும் வாட்சுக்கு, சில வருடத்துக்கு ஒருமுறை இப்படிக் கையால் லேசாகத் தேய்த்தால் போதும். தொடங்கும் முன் நான்கு கொம்புகளையும் அருகில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் விளிம்புகளை அந்தப் போட்டோவோடு ஒப்பிடுங்கள். விளிம்பு அப்படியே இருந்தால் நீங்கள் எடுத்தது கீறலை மட்டும்தான்.