ரோமுக்குப் போகும் கப்பல் ரோமில் நிற்காது

பணி ஓய்வுக்குப் பிறகு இத்தாலி பார்க்க ஆசைப்படும் தம்பதியிடம் பயண ஏஜென்ட் பெரும்பாலும் ஒரு வாரக் கப்பல் பயணத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். "பெட்டியை ஒரு தடவை பிரிச்சா போதும் சார், ஊரெல்லாம் உங்களைத் தேடி வரும்" என்பார். பெட்டி விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஊர் விஷயத்தில்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

அட்டவணையில் "ரோம்" என்று போட்டிருக்கும் நாளில் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். கப்பல் காலை ஏழு மணிக்கு வந்து மாலை ஏழுக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கி, பஸ் பிடித்து, நகருக்குள் நுழையும்போது பத்து மணி ஆகிவிடும். கிளம்புவதற்கு முன்பே கப்பலில் ஏறியாக வேண்டும் என்பதால், மூன்றரை, நான்கு மணிக்கெல்லாம் திரும்ப வேண்டியதுதான். கையில் மிஞ்சுவது ஆறு மணி நேரம். அதற்குள் கொலோசியம், வாட்டிகன் இரண்டையும் முடிக்க நினைத்தால், கருங்கல் பாவிய தெருக்களில் ஓட்டமும் நடையும்தான். மறுநாள் "ஃபுளோரன்ஸ்"; அங்கேயும் கப்பல் நிற்பது லிவோர்னோவில், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில். கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது.

தரைவழி என்றால் நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது. பத்து நாளில் ஐந்து நாடு காட்டும் பஸ் டூர், கப்பலைவிட மோசம். விடியற்காலையில் பெட்டியை அறை வாசலில் வைக்க வேண்டும்; தினமும் புது ஓட்டல். நான் சொல்வது வேறு வகை: ரோமில் நான்கு இரவு, ஃபுளோரன்ஸில் நான்கு இரவு, நடுவில் ஒன்றரை மணி நேர ரயில். ஒருநாள் வாட்டிகன் போனால் மறுநாள் முழங்காலுக்கு ஓய்வு. இதில் பெட்டியை மூட்டை கட்டுவது ஒரே முறைதான். லிஃப்ட் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் இருக்காது.

ஊர் பார்ப்பதைவிடக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் ஆசை என்றால், யோசிக்காமல் கப்பலுக்கே போகலாம். ஆனால் எங்கும் நிற்காமல் முழுநாளும் கடலில் ஓடும் நாட்கள் எத்தனை என்று அட்டவணையில் எண்ணிப் பாருங்கள். தினம் ஒரு துறைமுகம் என்றால் அதில் ஓய்வு குறைவு. சான்டோரினி போன்ற தீவுகளில் பெரிய கப்பல் கரையோரம் வராது. ஆடும் சிறு படகில் இறங்கி ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் இதை முன்பே விசாரிப்பது நல்லது.

விசாவிலும் ஒரு சிக்கல் உண்டு. இத்தாலியில் ஏறிய கப்பல் துருக்கியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.