6203-க்குப் பின்னால் வரும் எழுத்து

கோவைப் பக்கம் மோட்டார் பம்ப் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பர்ச்சேஸ் பார்ப்பவர் பேரிங் டீலருக்குப் போன் போடுகிறார். “6203 ஐந்நூறு வேணுங்க. 92 ரூபாய் ரேட்டு. பதினஞ்சாம் தேதிக்குள்ள அனுப்பிடுங்க.” “சரிங்க சார்” என்கிறார் டீலர். பேசி முடித்தாயிற்று. ஆனால் எந்த பேரிங், எந்த விலை, எந்த நாள் என்பது ஒன்றுமே இன்னும் முடிவாகவில்லை. அடுத்து அனுப்பும் ஆர்டர் உறுதி மின்னஞ்சலில்தான் அது முடிவாக வேண்டும்.

6203 என்பது அளவு மட்டுமே. உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. எண்ணுக்குப் பின்னால் ZZ என்றிருந்தால் இருபக்கமும் தகட்டு மூடி. 2RS என்றிருந்தால் ரப்பர் சீல். தகடு தூசியைத் தடுக்கும். உள்வளையத்தைத் தொடாததால் ஈரத்தைத் தடுக்காது. தண்ணீரோடு புழங்கும் பம்புக்கு 2RS வேண்டும். கொடுமை என்னவென்றால், ZZ வந்தாலும் ஷாஃப்டில் அச்சாகப் பொருந்திவிடும். வெர்னியர் வைத்து அளந்தாலும் தவறு தெரியாது. வாடிக்கையாளர் வீட்டில் பம்ப் இரையத் தொடங்கும்போதுதான் தெரியும். அதனால் குறியீட்டின் பக்கத்திலேயே சொல்லாலும் எழுதிவிட வேண்டும். ஒன்றில் கை தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

“பி.ஓ. எண் 118. பொருள்: 6203-2RS, இருபக்கமும் ரப்பர் சீல். எண்ணிக்கை 500. விலை ஒன்றுக்கு ரூ.92, ஜி.எஸ்.டி. 18% தனி. மொத்தம் ரூ.54,280. லாரி வாடகை உங்களைச் சேர்ந்தது. சரக்கு 15-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் எங்கள் ஸ்டோர்ஸுக்கு வந்து சேர வேண்டும். சரக்கு வந்த நாளிலிருந்து 30 நாளில் பணம். இவற்றை ஏற்பதாகப் பதில் அனுப்பவும்.”

‘தனி’ என்ற ஒரு சொல் விடுபட்டால் 8,280 ரூபாய்க்குச் சண்டை வரும். ‘15-ஆம் தேதி டெலிவரி’ என்று மட்டும் எழுதினால், அன்று லாரியில் ஏற்றியதையே டெலிவரி என்பார் டீலர். ‘30 நாள் கிரெடிட்’ என்பதும் அப்படித்தான். அவர் பில் தேதியிலிருந்து எண்ணுவார், நீங்கள் சரக்கு இறங்கிய நாளிலிருந்து எண்ணுவீர்கள்.

பதில் வந்ததும் கடைசி வரி வரை படியுங்கள். “ஆர்டர் ஓகே சார், ரேட் மட்டும் 95” என்றிருந்தால் அது ஒப்புதல் ஆகாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7-ஆம் பிரிவு, ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. 95 என்பது அவர் வைக்கும் புதிய விலை. நீங்கள் பேசாமல் இருந்து, வந்த சரக்கையும் இறக்கிக்கொண்டால், அந்த விலைக்குச் சம்மதித்ததாக அவர் வாதாட இடம் கிடைக்கும். கட்டுப்படியானால் ‘பி.ஓ. 118, திருத்தம் 1’ என்று போட்டு, முந்தையது ரத்து என்றும் எழுதி அனுப்புங்கள். ஸ்டோர்ஸ்காரருக்கும் ஒரு நகல் போகட்டும். பெட்டியைப் பிரித்து 2RS என்ற எழுத்தைத் தேடப்போகிறவர் அவர்தான்.