பூஜை முடிந்தும் வாழும் வாழை

ஆயுத பூஜைக்கு வெட்டிவந்து கட்டும் வாழைக்கன்று சில நாளிலேயே துவண்டுவிடுகிறது. கிழங்கோடு பெயர்த்து வைத்தால் பிழைக்கும். தாய்மரத்தடியில் இரண்டடி உயர ஈட்டிக்கன்றாகப் பாருங்கள். குறுகிய, கூர்மையான இலைதான் அடையாளம். அகல இலை விரித்த நீர்க்கன்று பின்னால் நல்ல குலை தராது. மூன்று வாரம் முன்பே, அடியில் துளையிட்ட வாளியில் நட்டு நிழலில் வைத்தால் வேர் பிடித்துவிடும். வீட்டுக்குள் ஜன்னலோரம் நாலைந்து நாள் போதும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். தண்டின் அடி கொழகொழவென்றாகும்.

அரிக்கா பனையும் மணி பிளாண்டும் உள்ளே மாதக்கணக்கில் தாங்கும். வெளியே கொண்டுபோனாலும் அவற்றுக்கு அரைநிழலே நல்லது. வாழைக்கு மட்டும் ஒரு வாரம் மரநிழல், அடுத்த வாரம் காலை வெயில், அதன்பிறகே குழி. அவசரப்பட்டால் இலை வெளிறிக் கருகும்.