பார்சல் எங்கே? மூன்று வரியில் பதில்

சென்னிமலையிலிருந்து நாக்பூருக்கு ஸ்பீடு போஸ்டில் போன ஒரு போர்வைக் கட்டை எடுத்துக்கொள்வோம். ‘என்ன ஆச்சு?’ என்று கேட்ட வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே அனுப்பிவிடலாம். ஆனால் அதில் உள்ள பத்து வரிகளில் அவருக்கு வேண்டியது ஒன்றுதான்.

பக்கத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். புதிய பதிவு உச்சியில் இருக்கும். 3ஆம் தேதி Item Booked, 4ஆம் தேதி Bag Dispatched. பிறகு 8ஆம் தேதி நாக்பூரில் Item Received வரை எதுவும் இல்லை. இந்த மௌனத்தைப் பார்த்துப் பலர் பார்சல் தொலைந்ததாகப் பதறுகிறார்கள். பை கட்டிப் போகும்போது உள்ளிருக்கும் பார்சல்கள் தனித்தனியாகப் பதிவாவதில்லை. பல நேரம் பை பிரிக்கப்பட்ட பிறகுதான் அடுத்த வரி வரும்.

உச்சியில் 9ஆம் தேதி, Door Locked. வழியில் ஆன தாமதம் முடிந்த கதை. இப்போது நிற்பது இதனால்தான். ‘நீங்கள் வீட்டில் இல்லை’ என்று எழுதினால் சண்டைதான் வரும். அது தபால்காரரின் பதிவு, நாம் பார்த்ததல்ல. எனவே இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் பார்சல் 8ஆம் தேதி நாக்பூர் வந்துவிட்டது. 9ஆம் தேதி கதவு பூட்டியிருந்ததாகத் தபால் பதிவு சொல்கிறது (இன்று காலை 10 மணி நிலவரம்). பார்சல் எண்ணோடு உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் கேளுங்கள். தாமதித்தால் எங்களுக்கே திரும்பிவிடலாம்.”

‘நாளை வந்துவிடும்’ என்று சேர்க்கவில்லை. பக்கத்தில் அப்படி எந்த வரியும் இல்லையே.